சார்பு மூலம் உள்ள சர்க்யூட்டில் தெவனின் மின்தடை: முனையைக் குறுக்கிணைப்பதா, சோதனை மூலம் வைப்பதா?

சார்பு மூலம் இல்லாத சர்க்யூட் என்றால் வேலை சுலபம். எல்லா மூலங்களையும் அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் மின்தடைகளைத் தொடராகவும் பக்கமாகவும் சேர்த்தால் முடிந்தது. சார்பு மூலம் ஒன்று நுழைந்ததும் இந்த வழி அடிபட்டுப் போகும், ஏனென்றால் அதை அணைக்க நமக்கு உரிமை இல்லை. சர்க்யூட்டில் வேறு எங்கோ இருக்கும் மின்னோட்டமோ மின்னழுத்தமோதான் அதை நடத்துகிறது. அப்புறம் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன, இரண்டையும் ஒரே சர்க்யூட்டில் போட்டுப் பார்ப்போம்.

10 வோல்ட் மூலம், அதிலிருந்து 2 கிலோ ஓம் வழியாக a என்ற முனை. a-யிலிருந்து தரைக்கு இன்னொரு 2 கிலோ ஓம். முதல் மின்தடையில் a-யை நோக்கி ஓடுவது ix. தரையிலிருந்து a-க்குள் 3ix தள்ளும் ஒரு சார்பு மின்னோட்ட மூலமும் உண்டு. டிரான்சிஸ்டர் தெரிந்தவர்களுக்கு இது பழகிய முகம்தான், β வெறும் 3 ஆக இருக்கும் எமிட்டர் ஃபாலோயர்.

முதல் வழி, முனையைத் திறந்து வைத்து மின்னழுத்தம், குறுக்கிணைத்து மின்னோட்டம், பிறகு வகுத்தல். குறுக்கிணைத்தால் a-யில் 0 வோல்ட், ix 5 மில்லிஆம்ப், அதோடு மூன்று மடங்கு சேர்ந்து மொத்தம் 20 மில்லிஆம்ப். திறந்து வைத்தால் 8 வோல்ட். 8-ஐ 20 மில்லிஆம்பால் வகுத்தால் 400 ஓம். சரியான விடைதான், ஆனால் ஒரே சர்க்யூட்டை இரண்டு நிலையில் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது. சார்பு மூலத்தையும் சேர்த்து அணைத்திருந்தால் 1 கிலோ ஓம் என்று வந்திருக்கும், தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் தவறு இது.

இரண்டாவது, a-க்குள் I என்ற சோதனை மின்னோட்டத்தைத் தள்ளி, அங்கே எழும் v-யைக் கேட்பது. வழக்கமாக 10 வோல்ட்டை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்வார்கள். நான் அணைப்பதில்லை. அப்படியே விட்டு, கணுவில் ஒரே ஒரு சமன்பாடு எழுதினால் போதும் (கிலோ ஓமும் மில்லிஆம்பும் வைத்து):

```
4(10 - v)/2 + I = v/2
v = 8 + 0.4 I
```

மாறிலி 8 தெவனின் மூலம், I-யின் குணகம் 0.4 கிலோ ஓம் தெவனின் மின்தடை. இரண்டும் ஒரே வரியில் வந்துவிட்டன, அதனால்தான் எனக்கு இந்த வழி மேல். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: I முனைக்கு உள்ளே போகும்படி குறிக்க வேண்டும், வெளியே வரும்படி எழுதினால் 0.4-க்கு முன்னால் கழித்தல் குறி வந்து ஆளைக் குழப்பும்.

சர்க்யூட்டில் தனி மூலமே இல்லை என்றால் முதல் வழிக்குப் பேச்சே இல்லை. திறந்தாலும் 0, குறுக்கிணைத்தாலும் 0, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து என்ன செய்ய? மேலே உள்ள சர்க்யூட்டில் 10-ஐ 0 ஆக்கிப் பாருங்கள், சோதனை மூலம் அப்போதும் 400 ஓம் என்றே சொல்லும்.

இப்போது சார்பு மூலத்தைத் திருப்பி வைப்போம், 3ix a-யிலிருந்து வெளியே இழுக்கட்டும். அதே சமன்பாட்டில் 4 இருந்த இடத்தில் -2 வரும், விடை v = 20 - 2I. மின்தடை -2 கிலோ ஓம். இதைப் பார்த்துக் குறியை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அழிக்காதீர்கள், அது உண்மையான விடை. முதல் வழியும் இதையே தரும், ஆனால் குறுக்கிணைப்பு மின்னோட்டம் -10 மில்லிஆம்ப் என்று வந்ததும் பலருக்குக் கை தானாகவே அந்தக் குறியை விட்டுவிடும்.

சோதனை மூலம் என்று முடிவெடுத்தாலும் மின்னோட்டமா மின்னழுத்தமா என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. பெரும்பாலும் எது வைத்தாலும் ஒன்றுதான், கணுச் சமன்பாடு எழுதுகிறவருக்கு மின்னோட்டம் கைக்கு எளிது, அவ்வளவே. ஆனால் வெளியே இழுப்பதை 3ix-க்குப் பதில் 2ix ஆக்கிப் பாருங்கள். 10 வோல்ட்டை அணைத்து 1 மில்லிஆம்ப் தள்ளினால் இரண்டு பக்கமும் v/2 அடிபட்டு 1 = 0 என்று நிற்கும், எங்கே தப்பு செய்தோம் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். தப்பு எதுவும் இல்லை. அதே இடத்தில் 1 வோல்ட் வைத்தால் மின்னோட்டம் 0, அதாவது மின்தடை முடிவிலி. இந்த முனைக்குத் தெவனின் சர்க்யூட்டே கிடையாது. 10 வோல்ட்டைத் திரும்பப் போட்டால், எந்த v-யிலும் முனை 5 மில்லிஆம்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், நார்ட்டன் வடிவம் மட்டும்தான் அதற்குப் பொருந்தும்.