பனீரை வாங்குங்கள், தயிரை உறையூற்றுங்கள்: ஒரு சிங்கப்பூர்ச் சமையலறையின் கணக்கு

எங்கள் கடையில் வாரத்துக்கு 20 கிலோ பனீரும், நாளுக்கு 12 கிலோ தயிரும் செலவாகின்றன. இரண்டையும் நாமே செய்தால் மிச்சம் என்று நினைத்துத்தான் இரண்டு வாரம் செய்து பார்த்தேன். தயிரில் மிச்சம் வந்தது. பனீர் அதைத் தின்றுவிட்டது.

முதலில் பனீர். 3.6 விழுக்காடு கொழுப்புள்ள, குளிர்பெட்டியில் விற்கும் பாஸ்சரைஸ் செய்த பசும்பால் 14 லிட்டர் எடுத்தோம். 85 டிகிரிக்குச் சுடவைத்து அடுப்பை அணைத்தோம். 30 கிராம் சிட்ரிக் அமிலத்தை 3 லிட்டர் வெந்நீரில் கரைத்து, மெல்ல ஊற்றிக் கிளறினோம். பால் திரிந்து, நீர் வெளிர் பச்சையாகத் தெளிந்ததும் ஊற்றுவதை நிறுத்தினோம். அந்த நீர் இன்னும் வெண்மையாகக் கலங்கியிருந்தால் பனீர் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துணியில் வடித்து, பாரம் வைத்து, பிறகு இரண்டு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டோம். கிடைத்தது சரியாக 2 கிலோ.

அதாவது ஒரு கிலோவுக்கு 7 லிட்டர் பால். லிட்டர் 2 வெள்ளி 60 காசு என்றால் பாலுக்கு மட்டுமே 18 வெள்ளி 20 காசு. நாங்கள் வாங்கும் உறைபனி பனீர் கிலோ 12 வெள்ளி 50 காசு. ஆள் கூலியையும் எரிவாயுவையும் இன்னும் சேர்க்கவில்லை. ஊரில் எருமைப்பாலில் கிலோவுக்கு 5 லிட்டரே போதும். இங்கே அந்தப் பால் கைக்கு வருவதில்லை.

மிக உயர்ந்த சூட்டில் பதப்படுத்திய, விலை குறைந்த யூ.எச்.டி. பாலில் செய்தால் என்ன என்று மாஸ்டர் கேட்டார். செய்தோம். எடை சற்றுக் கூடவே நின்றது, ஆனால் அது தண்ணீர். கத்தி வைத்ததும் கட்டி மணல் மாதிரி உதிர்ந்தது. "அண்ணே, இதைத் தந்தூரிக் கம்பியில் குத்தவே முடியாது, புர்ஜிக்குத்தான் ஆகும்" என்றார். காரணம் இதுதான்: 135 டிகிரிக்கு மேல் சூடேறிய பாலில் மோர்ப்புரதங்கள் உருக்குலைந்து, கேசீன் என்ற பால்புரதத்தின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. கேசீன் துணுக்குகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகாமல், நடுவே நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாலை அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்திக் கொழுப்பைப் பொடியாக்கியிருப்பதும் கட்டியைத் தளர்த்துகிறது.

ஆனால் அந்தச் சூடே தயிருக்கு நல்லது. வீட்டில் தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சுகிறோமே, அந்த மோர்ப்புரதங்கள் கேசீனோடு சேர்ந்து நீரைப் பிடித்து வைக்கத்தான். யூ.எச்.டி. பாலில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, காய்ச்சவே வேண்டாம். 10 லிட்டரை 43 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, கெட்டிக்காக 250 கிராம் கொழுப்பில்லாப் பால்பொடி கரைத்து, 200 கிராம் உறைமோர் கலந்து மூடி வைக்கிறோம். பால் லிட்டர் 1 வெள்ளி 90 காசு. பொடியோடு தயிர் கிலோ 2 வெள்ளி 10 காசுக்கு அடங்குகிறது. வாங்கும் வாளித் தயிர் கிலோ 3 வெள்ளி 30 காசு. வாரத்துக்கு ஏறக்குறைய 100 வெள்ளி மிச்சம். பனீரைச் செய்திருந்தால் அதே வாரத்தில் 114 வெள்ளி கூடுதலாகப் போயிருக்கும்.

தயிரில் நாங்கள் தடுக்கி விழுந்த இடம் நேரம். இந்த ஊர் வெக்கையில் இரவு கடை மூடும்போது உறையூற்றிவிட்டுப் போனால், காலையில் வருவதற்குள் புளித்து மேலே நீர் நிற்கும். லஸ்ஸிக்கும் ராய்த்தாவுக்கும் அது உதவாது. இப்போது மதிய வேலை முடிந்ததும் மூன்று மணிக்கு உறையூற்றுகிறோம். பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் ஒரே துண்டாக நகர வேண்டும். அந்த நிலை வந்ததும் குளிர்பெட்டிக்குப் போய்விடும். உறைமோரை வாரம் ஒருமுறை புதிதாக மாற்றுகிறோம். மாற்றாத ஒரு வாரம் தயிர் கரண்டியில் நூல் இழுத்தது, முழுவதையும் கொட்டினோம்.

தந்தூரி மசாலாவுக்கு வடிகட்டின தயிர் வேண்டும். ஜெலட்டினோ மாவோ சேர்த்துக் கெட்டியாக்கிய வாளித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் சரியாக இறங்குவதில்லை. நம் தயிர் ஆறு மணி நேரத்தில் பாதியாக வற்றிவிடும். எனக்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

வாங்கும் பனீரில் ஒன்றைப் பாருங்கள்: பொட்டலத்தில் பாலும் அமிலமும்தான் இருக்கின்றனவா, தாவர எண்ணெய் இருக்கிறதா என்று. எண்ணெய் சேர்ந்தது மலிவு, ஆனால் தோசைக்கல்லில் போட்டதும் எண்ணெயை விட்டு ரப்பராகிவிடும். நல்ல உறைபனி பனீரைக் குளிர்பெட்டியிலேயே உருகவிட்டு, உப்புப் போட்ட வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் மென்மை திரும்பும். புதுப் பனீரின் மணம் அதில் கிடைக்காது, உண்மை. அதனால் சனிக்கிழமை பனீர் டிக்காவுக்கு மட்டும் பாஸ்சரைஸ் பாலில் 2 கிலோ செய்கிறோம். அன்றைய திரிந்த பாலின் நீரில்தான் சப்பாத்திக்கு மாவு பிசைகிறார் மாஸ்டர்.