மாதம் தவறாமல் 2 சதவீத லாபம் காட்டிய அறிக்கை: 52,000 ரூபாய் போன கதை

உங்களுக்காகப் பங்குச் சந்தையில் தானாக வாங்கி விற்கும் நிரலை எழுதித் தருகிறேன், மாதாமாதம் அறிக்கையும் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், பணம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். ஏழு மாதம் நான் அந்த அறிக்கையை நம்பினேன்.

அவர் என் கல்லூரி நண்பர். நிறுவனம் எதிலும் சேராமல் தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்பவர். 2024 ஆகஸ்டில் என் பெயரில் இருந்த டிமேட் கணக்கில் 3 லட்சம் ரூபாய் போட்டேன். அவருடைய நிரல் அந்தக் கணக்கில் ஆர்டர் போடும். லாபத்தில் 20 சதவீதம் மாதக் கடைசியில் அவருக்கு. பணம் என் கணக்கிலேயே இருக்கிறது, அவர் எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்ற தைரியம் எனக்கு. அந்தத் தைரியத்தில்தான் கணக்கைத் திறந்து பார்க்காமலே இருந்தேன்.

நிரலின் விதி எளிமையானது. இருபது நடுத்தர, சிறு நிறுவனப் பங்குகள். ஒரு பங்கு கடைசியாக வாங்கிய விலையிலிருந்து 3 சதவீதம் இறங்கினால் இன்னொரு 5,000 ரூபாய்க்கு வாங்கும். ஒவ்வொரு கொள்முதலும் 2 சதவீதம் ஏறியதும் அதை மட்டும் விற்கும். நஷ்டத்தில் எதையும் விற்காது. கடைசி வாக்கியத்தை அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கும் பெருமையாகவே இருந்தது.

அறிக்கை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வரும். இரண்டு பக்கம், பச்சை நிறத் தலைப்பு. ஆகஸ்டில் 72 விற்பனை, 72-லும் லாபம், 2 சதவீதம். செப்டம்பரில் 68, அதே 2 சதவீதம். பிறகு 55, 44, 40, 20 என்று எண்ணிக்கை இறங்கியது. பிப்ரவரியில் 11 விற்பனைதான், லாபம் 1,100 ரூபாய். அப்போதும் 2 சதவீதம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு புள்ளி கூட மாறாத அந்த எண்தான் என்னை முதலில் உறுத்தியது. அறிக்கையைத் தயாரிக்கும் நிரலைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் அனுப்பினார். விஷயம் இரண்டே வரியில் இருந்தது:

```
closed = [t for t in trades if t.status == "SOLD"]
ret = sum(t.pnl for t in closed) / sum(t.cost for t in closed)
```

விற்று முடித்தவற்றை மட்டும் எடுத்து, அவற்றில் வந்த லாபத்தை அவற்றை வாங்கிய விலையால் வகுக்கிறது. 2 சதவீதம் ஏறினால்தான் விற்பது என்று விதி வைத்துவிட்டு, விற்றவற்றின் லாபத்தை மட்டும் கணக்கிட்டால் விடை எப்போதும் 2 சதவீதமாகத்தான் இருக்கும். அது சந்தையில் சம்பாதித்த எண் அல்ல, நிரலில் எழுதி வைத்த எண். விற்காமல் தேங்கிக் கிடந்த பங்குகளுக்கு அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை.

2024 அக்டோபர் முதல் 2025 பிப்ரவரி வரை நிஃப்டி தொடர்ந்து ஐந்து மாதம் இறக்கத்தில் முடிந்தது. சிறு நிறுவனப் பங்குகள் இன்னும் மோசமாக விழுந்தன. நிரல் விழ விழ வாங்கிக்கொண்டே போயிருக்கிறது. விற்பனை குறைந்ததற்குக் காரணம் அதுதான்: 2 சதவீதம் ஏறும் பங்கு அரிதாகிவிட்டது, பணம் முழுவதும் இறங்கிய பங்குகளில் மாட்டிக்கொண்டது. நவம்பரில் "வாய்ப்பு நிறைய இருக்கிறது, ரொக்கம்தான் போதவில்லை" என்று அவர் சொல்ல, இன்னும் 60,000 போட்டேன். அந்த மாத அறிக்கை "கணக்கு 3,48,000 ரூபாயாக வளர்ந்துள்ளது" என்றது. அக்டோபர் கடைசியில் 2,91,000 இருந்தது. என் 60,000-ஐச் சேர்த்தால் 3,51,000 இருந்திருக்க வேண்டும். உண்மையில் அந்த மாதம் 3,000 ரூபாய் நஷ்டம். நான் போட்ட பணமே வளர்ச்சியாக எனக்குக் காட்டப்பட்டது.

பிப்ரவரி அறிக்கை வந்த பிறகு, நம் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்தேன். பான் எண்ணைக் கடவுச்சொல்லாகப் போட்டால் திறக்கும் அந்தக் கோப்பு ஏழு மாதமும் வந்திருந்தது, ஒன்றையும் நான் திறந்ததில்லை. பங்குகளின் மாதக் கடைசி சந்தை மதிப்பு 2,98,600 ரூபாய். தரகரிடம் இருந்த ரொக்கம் 9,400. மொத்தம் 3,08,000. நான் போட்டது 3,60,000. அறிக்கைகளைக் கூட்டினால் 310 விற்பனையில் 31,000 ரூபாய் லாபம். கையில் இருந்ததோ 52,000 ரூபாய் நஷ்டம். இதற்கு மேல், இல்லாத லாபத்துக்குப் பங்காக என் வங்கிக் கணக்கிலிருந்து அவருக்கு 6,200 ரூபாய் போயிருந்தது.

அந்த 31,000-மும் முழுதாக வரவில்லை. 5,000 ரூபாய்க்கு வாங்கி 5,100-க்கு விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி இரு பக்கமும் 0.1 சதவீதம் என்று ஏறக்குறைய 10 ரூபாய் போகும். முத்திரைக் கட்டணம் ஒரு ரூபாய்க்குள். விற்கும் நாளில் டிமேட்டிலிருந்து பங்கை எடுக்கும் கட்டணம் தரகரைப் பொறுத்து மாறும். எனக்குச் சுமார் 16 ரூபாய். ஆக நூறு ரூபாய் லாபத்தில் 27 ரூபாய் போய்விடும். அறிக்கையில் நூறு நூறாகவே இருந்தது. கட்டண விவரமெல்லாம் தரகர் தினமும் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கிறது. அவருடைய நிரல் அதைப் படிக்கவே இல்லை.

நேரில் கேட்டேன். "விற்றால்தானே நஷ்டம்? நீ ஏன் அவசரப்படுகிறாய்?" என்றார். "விற்காத நஷ்டம் நஷ்டம் இல்லை என்றால், இன்றைக்கு நான் எல்லாவற்றையும் விற்று வெளியே வந்தால் என் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. தன் நிரல் ஜெயிக்கிறது என்று அவரே நம்பினார். ஆனால் தன் கூலி எந்த எண்ணைப் பார்த்து வருகிறதோ அந்த எண்ணை மட்டும் எழுதி, மற்றதை விட்டார். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

முறையிட்டுக் காட்ட எழுத்தில் எதுவும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பங்குக் கணக்கை நிர்வகிக்கச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியில் பதிவு வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்களிடம் போக வேண்டுமானால் குறைந்தது 50 லட்சம் வேண்டும். எங்கள் ஏற்பாடு வெறும் வாய்ப்பேச்சு.

இப்படிப்பட்ட அறிக்கை உங்கள் கையில் இருந்தால், அதை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள். இந்த மாதக் கடைசியில் ரொக்கமும் பங்குகளின் சந்தை மதிப்பும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து சென்ற மாதக் கடைசித் தொகையைக் கழியுங்கள், இடையில் போட்டதைக் கழியுங்கள், எடுத்ததைக் கூட்டுங்கள். வருவதுதான் அந்த மாதத்தின் லாபம் அல்லது நஷ்டம். இரண்டு எண்ணையும் தரகரின் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள். கூலி பேசும்போது, நீங்கள் இடையில் போட்ட பணத்தை நீக்கிய பிறகும் கணக்கு இதற்கு முன் தொட்ட உச்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே லாபப் பங்கு என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதியிருந்தால் கடைசி ஐந்து மாதமும் நான் ஒரு ரூபாய் கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

மார்ச்சில் நிரலை நிறுத்தினேன். விற்ற லாபத்துக்குக் குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம் என்பதால், 31-ஆம் தேதிக்கு முன் மோசமான பங்குகளை நஷ்டத்தில் விற்று அதை ஈடுகட்டினேன். மீதி ஒன்பது நிறுவனங்களின் பங்குகள் இன்னும் கணக்கில் கிடக்கின்றன. 6,200 ரூபாயை இரண்டு முறை கேட்டுவிட்டேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்றிருக்கிறார்.