முத்தியால்பேட்டை மொட்டைமாடியும் ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவும்

பொங்கலையொட்டி நான்கு வார விடுப்பில் பிரான்சிலிருந்து புதுச்சேரி வந்தபோது, வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, அம்மா படுக்கும் அறையின் கூரையில் முறம் அளவுக்குப் படர்ந்திருந்த ஈரக்கறைதான். முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீடு 1980களில் கட்டியது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்த பழைய மொட்டைமாடி. 2024 ஜூலையில் வந்திருந்தபோது, அந்த ஓட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போடுவதற்காக, 1,100 சதுர அடிக்கு 2,85,000 ரூபாய் பேசி ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்திருந்தேன். ஆகஸ்ட் இறுதியில் வேலை முடிந்தது. அந்த நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் ஊரையே மூழ்கடித்த மழையில்கூட ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போதுதான், அதாவது வேலை முடிந்த பதினைந்தாம் மாதத்தில், கறை தோன்றியிருக்கிறது.

எனக்கு அப்போது பெரிய கவலை ஏற்படவில்லை. ஏனென்றால் 2024 ஜூன் மாதம் அந்நிறுவனத்தின் பொறியாளர் எனக்கு எழுதிய மின்னஞ்சலில், "பத்து ஆண்டுகளுக்குள் கசிவு ஏற்பட்டால் எங்கள் செலவில் திரும்பச் செய்து தருவோம்" என்று தெளிவாக இருந்தது. கைப்பிடிச் சுவரின் விரிசல்களையும் சேர்த்து அடைத்துத் தருவதாக அவர் தொலைபேசியிலும் சொல்லியிருந்தார். மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பொறியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும், இப்போது பொறுப்பில் தாம் இருப்பதாகவும் மேலாளர் ஒருவர் மரியாதையாகவே சொன்னார். பிறகு நான் கையெழுத்திட்ட ஏழு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை எடுத்து, ஆறாம் பக்கத்தில் பதினான்காம் பிரிவைக் காட்டினார். அதன் பொருள் இதுதான்: இந்த ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும் மட்டுமே இரு தரப்புக்கும் இடையிலான முழு உடன்பாடு, இதற்கு முன் எழுத்தாகவோ வாய்மொழியாகவோ நடந்த பேச்சுகள், கடிதங்கள், விலைமதிப்புகள், உறுதிமொழிகள் ஆகிய அனைத்தின் இடத்தையும் இது எடுத்துக்கொள்கிறது. வாரண்டி பற்றிய ஒன்பதாம் பிரிவோ, பொருளிலும் வேலைத்திறனிலும் காணும் குறைகளுக்குப் பன்னிரண்டு மாதம் என்று சொல்லியது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா நீண்ட காலம் உரிமையியல் வழக்குகள் நடத்திய வழக்கறிஞர். மறுநாளே தாள்களுடன் அவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "அந்த மின்னஞ்சல் கையெழுத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?" என்பதுதான். முன்னால் என்றேன். தொலைபேசிப் பேச்சையும் மின்னஞ்சலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர் எனக்கு விளக்கியதை இங்கே எழுதுவதற்குக் காரணம், வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஊருக்கு வந்த இரண்டாம் நாளே கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புகிற நம்மைப் போன்றவர்களை இது நேராகத் தொடுகிறது என்பதே.

வாய்மொழிப் பேச்சைப் பொறுத்தவரை, பதினான்காம் பிரிவு இல்லாவிட்டாலும் என் நிலை பலவீனமானதுதான். ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எழுத்தில் வந்துவிட்டால், அவற்றை மறுக்கவோ, மாற்றவோ, கூட்டவோ, குறைக்கவோ வாய்மொழிச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அதுவே 95ஆம் பிரிவாக இருக்கிறது. ஆவணம் மௌனமாக இருக்கும் ஒரு விஷயத்தில், ஆவணத்துக்கு முரணாகாத தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்க அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால், ஆவணம் எவ்வளவு முறையாக எழுதப்பட்டது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரைப் பற்றி என் ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அந்த வாசல் திறந்திருக்கிறதே என்றேன். ஏழு பக்கம் எழுதி, இதுவே முழு உடன்பாடு என்றும் சொல்லிவிட்ட ஆவணத்தின் முன் அந்த வாசல் மிகவும் குறுகிவிடும் என்றார் சித்தப்பா. அந்த உரையாடலுக்கு என் நினைவைத் தவிர வேறு சான்றும் இல்லை.

மின்னஞ்சலின் கதை வேறு. அது வாய்மொழி அல்ல, எழுத்து. ஓர் ஒப்பந்தம் பல கடிதங்களில் அடங்கியிருந்தால் அந்தக் கடிதங்கள் அனைத்தையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. மின்னஞ்சல் பரிமாற்றத்தாலேயே ஒப்பந்தம் உருவாகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆகவே பதினான்காம் பிரிவு இல்லாமலிருந்தால், ஜூன் மின்னஞ்சலும் ஜூலை ஒப்பந்தமும் சேர்ந்தே எங்கள் உடன்பாடு என்று வாதிட எனக்கு இடம் இருந்திருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து ஆண்டுக்கும் இடையிலான முரண்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்றாலும், மின்னஞ்சல் மேசை மேலாவது இருந்திருக்கும். அதை மேசையிலிருந்தே அகற்றும் வேலையைத்தான் 'முழு உடன்பாடு' என்ற அந்தப் பிரிவு செய்கிறது. மின்னஞ்சல் பொய்யாகிவிடவில்லை, அழிந்துவிடவும் இல்லை. கையெழுத்திட்ட நானே, அதில் உள்ள உறுதிமொழி இனி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதை உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது, வருத்தமாகவும் இருந்தது.

அப்படியானால் மோசடி என்று சொல்லலாமா என்று கேட்டேன். இத்தகைய பிரிவு மோசடியை மூடி மறைக்க முடியாது. மோசடி, தவறு போன்று ஆவணத்தையே செல்லாததாக்கும் காரணங்களை நிரூபிக்க 95ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு அனுமதிக்கிறது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் தரப்படும் வாக்குறுதியும் மோசடிதான் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அந்தப் பொறியாளர் எழுதும்போதே அவர் மனத்தில் அந்த எண்ணம் இல்லை என்று நான் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அவர் உண்மையாகவே அப்படி நம்பி எழுதியவர். பூச்சுப் பொருளைத் தயாரித்த நிறுவனம் தன் பொருளுக்குத் தரும் வாரண்டியை, வேலைக்கும் சேர்த்த வாரண்டியாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று சித்தப்பா கருதினார். அப்படி ஒரு வாரண்டி அட்டை இருந்தால், அது தயாரிப்பாளர் எனக்குத் தரும் தனி உறுதி. எனக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான பதினான்காம் பிரிவு அதைத் தொடாது. அந்த அட்டையை நான் கேட்டு வாங்கவே இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையைப் பற்றி வாய்மொழியாகவோ எழுத்தாகவோ தரப்படும் பொய்யான விவரங்களை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அங்கே என் மின்னஞ்சலை ஒப்பந்த நிபந்தனையாக அல்லாமல், என்னைக் கையெழுத்திட வைத்த விவரமாக முன்வைக்கலாம். மறுபக்கம், படித்துப் பார்க்க வாய்ப்பிருந்தும் கையெழுத்திட்டவர் நான் என்ற பதில் வரும். இருபது நாளில் விமானம் ஏற வேண்டிய நான், 2,85,000 ரூபாய் வேலைக்காக அந்த வழியில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாக மேலாளரிடம் பேசினேன். மின்னஞ்சலில் இருக்கும் வாக்கை அவரும் மறுக்கவில்லை. பூச்சுப் பொருளின் விலையை நான் தருவது, கூலியை அவர்கள் ஏற்பது, கசியும் 300 சதுர அடியை மீண்டும் செய்வது, அந்தப் பகுதிக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்று உடன்பட்டோம். அவர் அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதாகச் சொன்னபோது, சித்தப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. முழு உடன்பாட்டுப் பிரிவு பின்னோக்கித்தான் பார்க்கிறது. கையெழுத்துக்குப் பிறகு வரும் செய்தியை அது நேராகத் தள்ளுவதில்லை. ஆனால் அதற்கு அடுத்த பதினைந்தாம் பிரிவு, இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தால் அன்றி இந்த ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று சொல்கிறது. பிந்தைய வாய்மொழி உடன்பாட்டைக்கூட நிரூபிக்கச் சட்டம் பொதுவாக இடம் தந்தாலும், இப்படி ஒரு பிரிவு இருக்கும்போது வாட்ஸ்அப் செய்தியை நம்பியிருப்பது வீண் தகராறுக்கு வழி. எனவே ஒரு பக்கத் திருத்த உடன்பாடு வேண்டும் என்று கேட்டேன், அவரும் சம்மதித்தார்.

அவர்கள் தயாரித்த முதல் வரைவில், ஜனவரி மாதப் பேச்சின் விவரங்கள் 'இணைப்பு' என்ற தலைப்பில் ஒட்டப்பட்டிருந்தன. அதுவே போதும் என்று நான் நினைத்தேன். சித்தப்பா தொலைபேசியிலேயே மூல ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைப் படிக்கச் சொன்னார். உடன்பாட்டின் உடற்பகுதிக்கும் இணைப்புக்கும் முரண்பாடு வந்தால் உடற்பகுதியே மேலோங்கும் என்று அங்கே இருந்தது. ஐந்து ஆண்டு என்பதை இணைப்பில் எழுதிவிட்டு, ஒன்பதாம் பிரிவில் பன்னிரண்டு மாதத்தை அப்படியே விட்டிருந்தால், பன்னிரண்டு மாதமே வென்றிருக்கும். மின்னஞ்சலை இணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுவென்று நினைக்கிறேன்.

ஆகவே திருத்தத் தாளில், மூல ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, "படத்தில் குறித்த 300 சதுர அடிக்கு மட்டும், ஒன்பதாம் பிரிவில் உள்ள 'பன்னிரண்டு மாதம்' என்பது 'இந்தத் திருத்தத்தின் கீழான வேலை முடிந்த நாளிலிருந்து அறுபது மாதம்' என மாற்றப்படுகிறது" என்று எழுதச் செய்தோம். கைப்பிடிச் சுவரின் விரிசல்களை வேலைப் பட்டியலில் தனி வரியாகச் சேர்த்தோம். தயாரிப்பாளரின் வாரண்டி அட்டையை ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்பதையும் எழுதினோம். பதினான்காம் பிரிவை நீக்கும்படி நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியவை அனைத்தும் தாளுக்குள் வந்துவிட்ட பிறகு, அதுவும் பதினைந்தாம் பிரிவும் சேர்ந்து எனக்கும் காவல்; பிற்பாடு அவர்கள் தரப்பில் யாராவது "கூலியில் பாதி நீங்கள் தருவதாக முன்பே பேசினோமே" என்று சொன்னால் அதையும் அவை தள்ளிவிடும்.

இரண்டு பிரதியிலும் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டோம். பூச்சைப் பெயர்க்கும் சத்தம் மறுவாரம் திங்கட்கிழமை தொடங்கியது. நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு மாடியில் நீர் தேக்கி இரண்டு நாள் விட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் அறைக் கூரை உலர்ந்தே இருந்தது. வாரண்டி அட்டை அன்று மாலை வந்து சேர்ந்தது. அதில் விலைப்பட்டியல் எண்ணும் வேலை முடிந்த தேதியும் விடுபட்டிருந்ததால், அவற்றை எழுதி முத்திரையிட்டு வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தேன்.