பதிவிலா, முதல் கமெண்டிலா, பின் செய்த கமெண்டிலா: இணைப்பை எங்கே வைப்பது?

மன்னார்குடிப் பக்கத்தில் பாரம்பரிய நெல் பயிரிடும் சில குடும்பங்களின் அரிசியை நேரடியாக விற்பதற்கென்று இருக்கும் ஃபேஸ்புக் பக்கத்தை நான் கவனித்துவருகிறேன். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி ஆகியவற்றின் விலைப்பட்டியலும் முன்பதிவுப் படிவமும் எங்கள் சொந்த இணையதளத்தில் இருக்கின்றன. வாங்குகிறவர்களோ ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள். அவர்களை அங்கிருந்து அழைத்துவரும் இணைப்பைப் பதிவிலேயே வைப்பதா, முதல் கமெண்டில் இடுவதா, கமெண்டாக இட்டு அது எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் செய்துவைப்பதா என்ற மூன்று வழிகளையும் நடைமுறையில் பார்த்த பிறகு, அறுவடைக் காலப் பதிவுகளுக்கு மூன்றாவதையே வைத்துக்கொண்டோம்.

வெளி இணைப்புள்ள பதிவுகளைத் தளங்கள் ஏன் பின்னுக்குத் தள்ளுகின்றன என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. விளம்பரத்தால் வாழும் தளத்துக்கு, வாசகர் வெளியே போகும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. 2024 நவம்பரில் எலான் மஸ்க், எக்ஸ் தளத்தில் முதன்மைப் பதிவில் விளக்கத்தை எழுதிவிட்டு இணைப்பைப் பதிலில் இடுமாறு வெளிப்படையாகவே சொன்னார். 2025 டிசம்பரில் மெட்டா, ஃபேஸ்புக்கின் சில பக்கங்களும் தொழில்முறைக் கணக்குகளும் கட்டணச் சந்தா இல்லாமல் மாதத்துக்கு இரண்டு இணைப்புப் பதிவுகளுக்கு மேல் இட முடியாதபடி ஒரு சோதனையைத் தொடங்கியது. கமெண்டில் இடும் இணைப்புகளுக்கு அந்தச் சோதனையில் வரம்பு இருக்கவில்லை. அதிகம் பார்க்கப்பட்டவை பற்றி மெட்டா வெளியிடும் காலாண்டு அறிக்கைகளில், அமெரிக்கப் பயனர்களின் பார்வைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளி இணைப்பு இல்லாத பதிவுகளுக்கே போவதாக அண்மை ஆண்டுகளில் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தண்டனை நடக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மக்கள் இடும் பதிவுகளில் பெரும்பாலானவை இணைப்பே இல்லாதவை என்பதும் அதில் கலந்திருக்கிறது.

முதலில், இணைப்பைப் பதிவிலேயே வைக்கும் வழி. இணைப்பை ஒட்டியதும் படமும் தலைப்பும் கொண்ட அட்டை ஒன்று தானாக உருவாகிறது. அந்த அட்டையில் எங்கே தொட்டாலும் வாசகர் நம் தளத்துக்கு வந்துவிடுகிறார். இதைவிடச் சுருக்கமான பாதை வேறு இல்லை. சொந்தப் புகைப்படத்தை ஏற்றி, இணைப்பை எழுத்தாக மட்டும் வைத்தால் இந்த வசதி போய்விடும். படத்தைத் தொட்டால் படம்தான் பெரிதாகும். அதோடு, எழுத்து நீளும்போது சில வரிகளுக்குப் பிறகு தளம் அதை மடித்துவிடுவதால், கடைசி வரியில் வைத்த இணைப்பு மடிப்புக்குள் போய்விடுகிறது. ஆகவே பதிவில்தான் வைப்பது என்று முடிவு செய்தால், ஒன்று அட்டையாக வைக்க வேண்டும், அல்லது முதல் இரண்டு வரிக்குள் வைக்க வேண்டும்.

எது லாபம் என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்கான எண்கள்தாம். பதிவிலேயே இணைப்பு இருந்து 1,000 பேரை எட்டி, அவர்களில் 100க்கு 3 பேர் அழுத்தினால் 30 பேர் வருகிறார்கள். இணைப்பைக் கமெண்டுக்கு நகர்த்தியதால் பதிவு 2,000 பேரை எட்டி, ஆனால் 100க்கு ஒருவர்தான் அழுத்தினார் என்றால் 20 பேர்தான் வருகிறார்கள். ரீச் இரட்டித்தும் நட்டம். அதே 2,000 பேரில் 100க்கு 2 பேர் அழுத்தினால் 40. ரீச் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அழுத்துவோர் விகிதம் அத்தனை மடங்குக்கு மேல் குறையக் கூடாது என்பதே இதன் சாரம். எனவே கமெண்டுக்கு நகர்த்துவதோடு வேலை முடிவதில்லை. அங்கே வைத்த இணைப்பு வாசகர் கண்ணில் படுகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் கமெண்டும் பின் செய்த கமெண்டும் பிரிகிற இடம் அதுவே.

பலரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பதிவை இட்ட உடனே கமெண்டில் இணைப்பைப் போட்டுவிட்டால் அது எப்போதும் மேலே நிற்கும் என்று எண்ணுகிறார்கள். அப்படி நிற்பதில்லை. ஃபேஸ்புக் கமெண்டுகளை வந்த வரிசையில் காட்டுவதைவிட, பொருத்தமானவை என்று தான் கருதும் வரிசையில் காட்டுவதே வழக்கம்; விருப்பமும் பதிலும் நிறையப் பெற்றவை மேலேறுகின்றன. யாரும் பதில் எழுதாத வெறும் இணைப்பு இந்தப் போட்டியில் நிற்காது. களத்தில் காயும் தூயமல்லி நெல்லின் படம் ஒன்றை இடுகிறோம். கும்பகோணத்திலிருந்து ஒருவர், தன் பாட்டி இந்த அரிசியில் வடித்த சோற்றைப் பற்றி எழுதுகிறார். அதன் கீழே இருபது பேர் தத்தம் ஊர்க் கதையைச் சொல்கிறார்கள். விலை கேட்போர் நாலு பேர், கூரியர் கேட்போர் நாலு பேர். எங்கள் இணைப்பு இவற்றுக்கெல்லாம் கீழே போய்விடுகிறது. பதிவு எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அது ஆழத்தில் புதைகிறது. அதாவது மிக அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில்தான் அது காணாமல் போகிறது. இதற்கு அடையாளம் எளிது: "லிங்க் எங்கே?" என்ற கேள்வி கமெண்டில் இரண்டாம் முறை வந்தாலே இணைப்பு புதைந்துவிட்டது என்று பொருள். கேட்டவர்கள் பின்னால், கேட்காமல் போனவர்கள் பலர் இருப்பார்கள்.

பின் செய்த கமெண்ட் இந்த வரிசைக்கு உட்படுவதில்லை. எத்தனை கமெண்ட் வந்தாலும் பட்டியலின் உச்சியிலேயே இருக்கும். இதன் இன்னொரு பலன் எனக்கு மேலும் பெரிதாகத் தெரிகிறது. விலை, கூரியர், எடை பற்றிய கேள்விகள் அந்தக் கமெண்டுக்கு எழுதும் பதில்களாக அதன் கீழேயே சேர்கின்றன. அடுத்து வருகிறவர் இணைப்பையும் விடைகளையும் ஒரே இடத்தில் பார்க்கிறார். பராமரிப்பும் சுலபம். தூயமல்லி தீர்ந்துபோனால், பதிவைத் தொடாமல் அந்தக் கமெண்டை மட்டும் திருத்தி, இருப்பில் உள்ள மாப்பிள்ளைச் சம்பாவின் இணைப்பை வைத்துவிடலாம். பழைய பதிவு எப்போதாவது மறுபடி ஓட ஆரம்பித்தாலும் வருகிறவர் மூடிய படிவத்தில் போய் நிற்க மாட்டார்.

நாங்கள் செய்யும் முறை இதுதான். பதிவின் எழுத்தையும் கமெண்டின் எழுத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறோம். பதிவில், அரிசி எந்த ஊர் வயலில் விளைந்தது, கைக்குத்தலா தீட்டியதா, சோறு எப்படி இருக்கும் என்ற செய்தி முழுவதும் இருக்கும். இணைப்பை அழுத்தாதவருக்கும் அது பயன்பட வேண்டும். மடிப்புக்கு முன்பாகவே, "விலையும் முன்பதிவும் மேலே பின் செய்துள்ள கமெண்டில்" என்ற வரி வந்துவிடும். இந்த வரி இல்லாவிட்டால் மற்ற முயற்சி எல்லாம் வீண். கமெண்டைத் திறந்து பார்க்க வாசகருக்குக் காரணம் இருக்காது. பதிவு வெளியானதும், பக்கத்தின் பெயரிலேயே கமெண்ட் இட்டு, அதன் மூன்று புள்ளி மெனுவில் பின் செய்கிறோம். சொந்தக் கணக்கின் பெயரில் இட்டால் யாரோ வெளியாள் போட்ட விளம்பர இணைப்பைப் போலத் தோன்றும். கமெண்டும் வெறும் முகவரியாக இருப்பதில்லை: "தூயமல்லி முன்பதிவு, கிலோ விலை, கூரியர் கட்டணம் எல்லாம் இங்கே" என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்பு வரும்.

இட்டதும், வேறொரு கணக்கிலிருந்து அதைத் திறந்து பார்ப்பது அவசியம். இணைப்புள்ள கமெண்டைத் தளத்தின் ஸ்பேம் வடிகட்டி மறைத்துவிட்டால் அதை இட்டவருக்கு அது வழக்கம்போலத் தெரியும், மற்றவருக்குத்தான் தெரியாது. குழுக்களில் இடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இணைப்புள்ள கமெண்டைத் தானாகவே மறுக்கும் விதியைக் குழு நிர்வாகிகள் வைத்திருக்கலாம். பின் செய்யும் உரிமையும் நிர்வாகிகளிடம் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், அங்கே அவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த வழி நமக்கு ஆள் அனுப்புகிறது என்று அறிய, ஒவ்வோர் இடத்துக்கும் வேறு குறி வைத்த முகவரியைப் பயன்படுத்தலாம்:

```
https://example.com/arisi?utm_source=facebook&utm_medium=social&utm_content=pinned
```

பதிவில் வைக்கும்போது கடைசிச் சொல்லை `body` என்றும், வெறும் கமெண்டாக இடும்போது `comment` என்றும் மாற்றினால் போதும். நம் தளத்தின் பார்வையாளர் கணக்கில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். ஒரே வகை அரிசிக்கு, ஒரே மாதிரிப் படத்தோடு, மாலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இட்டுப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். பொங்கலுக்கு முந்தைய வாரத்துப் பதிவை ஆடி மாதத்துப் பதிவோடு ஒப்பிட்டால் தெரிவது பண்டிகைக் காலத்துத் தேவைதான். இணைப்பின் இடம் அதில் தெரியாது.

பின் செய்த கமெண்ட் தோற்கும் இடமும் உண்டு. பதிவை ஒருவர் பகிர்ந்தால் கமெண்டுகள் அதனோடு போவதில்லை. பகிர்வைப் பார்ப்பவர் மூலப் பதிவுக்குள் நுழைந்தால்தான் இணைப்பைக் காண்பார். படத்தை மட்டும் சேமித்து அனுப்பினால் அதுவும் இல்லை. பதிவிலேயே இருக்கும் இணைப்பு இந்த ஒன்றில் தெளிவாக மேல். இதற்காக நாங்கள் புகைப்படத்தின் மீதே தளத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிறிதாக அச்சிட்டுவிடுகிறோம். பதிவின் எழுத்தில் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் ஃபேஸ்புக் அதைத் தானாக இணைப்பாக்கிவிடும். படத்தில் இருந்தால் அப்படி ஆவதில்லை, படம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

மற்றத் தளங்களுக்கு இதை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. இன்ஸ்டாகிராமில் கமெண்டில் உள்ள முகவரியை அழுத்த முடியாது. அங்கே சுயவிவரத்தில் உள்ள இணைப்பும் ஸ்டோரியில் ஒட்டும் இணைப்பு ஸ்டிக்கரும்தான் வழி. யூடியூபில் முழுநீளக் காணொளிக்குப் பின் செய்த கமெண்ட் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஷார்ட்ஸின் கமெண்டிலும் விவரத்திலும் உள்ள இணைப்புகளை 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்த முடியாதபடி செய்துவிட்டார்கள். லிங்க்ட்இனில் எங்களுக்கு வாடிக்கையாளர் குறைவு என்பதால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கவலையே வேண்டாம். அங்கே செய்திகளை வரிசைப்படுத்திக் குறைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஃபேஸ்புக் பதிவின் முகவரியை அங்கே அனுப்பிச் சுற்றவிடாமல், முன்பதிவுப் படிவத்தின் முகவரியை நேரடியாக முதல் வரியிலேயே வைத்துவிடலாம்.