லாபத்தை அப்படியே பிரிப்பதா, வட்டியும் சம்பளமும் போக பிரிப்பதா?

ஈரோட்டில் மொத்த ஜவுளிக் கடை நடத்தும் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் போட்ட முதல் 20 லட்சம், தம்பி போட்டது 5 லட்சம். இருவருமே கடையைக் கவனிக்கிறார்கள். ஆனால் கொள்முதலுக்கும் வசூலுக்கும் அலைவது தம்பிதான். 2025-26இல் கடையின் லாபம் 15 லட்சம்.

பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் ‘லாபம் சரிபாதி’ என்று மட்டும் இருந்தால் கணக்கு எளிது. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30%, செஸ் சேர்த்து 31.2%. வரி 4,68,000 போக ஆளுக்கு 5,16,000 கிடைக்கும். அந்தப் பங்குக்கு அவர்கள் மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அண்ணனின் கூடுதல் முதலுக்கும் தம்பியின் உழைப்புக்கும் இதில் மதிப்பே இல்லை.

பத்திரத்தில் முதலுக்கு 12% வட்டியும் சம்பளமும் எழுதியிருந்தால்? செலவாகக் கழிக்க அனுமதிக்கும் உச்சவரம்பு வட்டிக்கு அந்த 12%தான். அண்ணனுக்கு 2,40,000, தம்பிக்கு 60,000 போனால் மீதி 12 லட்சம். வேலை பார்க்கும் பங்குதாரர்களின் சம்பள வரம்பை இந்தத் தொகையில்தான் கணக்கிட வேண்டும். முதல் 6 லட்சத்தில் 90%, அதற்கு மேல் 60%. ஆக மொத்தம் 9 லட்சம். தம்பிக்கு 6 லட்சம், அண்ணனுக்கு 3 லட்சம் என்று பிரிக்கலாம். நிறுவனத்தின் கையில் மிஞ்சும் 3 லட்சத்துக்கு வரி 93,600 மட்டுமே.

வட்டி, சம்பளம், மீதி லாபத்தில் பாதி எல்லாம் சேர்ந்து அண்ணனுக்கு 6,43,200, தம்பிக்கு 7,63,200. யாருக்கும் குறையவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வட்டியும் சம்பளமும் அவரவர் தொழில் வருமானம். வேறு வருமானம் இல்லாவிட்டால் புதிய வரி முறையின் 12 லட்சத் தள்ளுபடிக்குள் அடங்கி, வரியே வராது.

அண்ணன் வேறு வருமானத்தால் ஏற்கெனவே 30% படியில் இருந்தால் கதை மாறும். நிறுவனம் மிச்சப்படுத்தும் வரியை அவர் கட்டுவார். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். அவருக்கு வெறும் லாபப் பங்கே மேல்.

இரண்டாம் வழியில் வேலை கொஞ்சம் கூடுதல். ஒரு பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் வட்டியும் சம்பளமும் போனால் 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும்; பணமாகக் கொடுக்காமல் அவர் கணக்கில் வரவு வைத்தாலும் இது பொருந்தும். வரி வராதவர்கள் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

பலர் கோட்டைவிடுவது பத்திர வாசகத்தில்தான். ‘சம்பளம் பங்குதாரர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்வது’ என்று எழுதினால் அந்தச் செலவை வரி அதிகாரி ஏற்க மறுக்கலாம். தொகையையோ கணக்கிடும் முறையையோ, யாருக்கு எவ்வளவு என்பதையோ தெளிவாக எழுத வேண்டும். அக்டோபரில் பத்திரத்தைத் திருத்திவிட்டு ஏப்ரலிலிருந்து சம்பளம் எழுதினால், முந்தைய ஆறு மாதச் சம்பளம் கழியாது.