செட்டில்மென்ட் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் கிராஜுவிட்டி வரியைப் பாருங்கள்

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 7 வருடம் 8 மாதம் வேலை பார்த்துவிட்டு, 2025 ஜூனில் தானாக ராஜினாமா செய்த ஒருவருக்கு வந்த ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஷீட் இது. மொத்தச் சம்பளம் 44,000. அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 26,000. ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 12 நாள் சம்பளம் 17,600, லீவு என்காஷ்மென்ட் 15,600, கிராஜுவிட்டி 91,000. பிடித்தம் நோட்டீஸ் பே 44,000, லேப்டாப் 12,000. கைக்கு 68,200. (பி.எஃப். பிடித்தத்தை இங்கே விட்டுவிடுகிறோம்.)

கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் இவருக்கு 59,000 ரூபாய் போயிருக்கிறது.

முதலில் கிராஜுவிட்டி. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசியாக வாங்கிய பேசிக்கையும் டி.ஏ.வையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்பதுதான் அந்த 26. நிறுவனம் 30-ஆல் வகுத்திருக்கிறது. அடுத்து, கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அது முழு வருடக் கணக்கு. ஆக 7 அல்ல, 8 வருடம். 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. எட்டு வருடத்துக்கு 1,20,000. இந்த ஒரு வரியிலேயே 29,000 குறைந்துவிட்டது. ஷீட்டில் கணக்கு வழியைக் காட்டாமல் தொகையை மட்டும் போட்டிருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது நோட்டீஸ் பே. 60 நாள் நோட்டீஸில் இவர் 30 நாள்தான் இருந்தார், பாக்கி 30 நாளுக்குப் பிடிக்கலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 'பேசிக்கும் டி.ஏ.வும்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதன்படி 26,000. பிடித்ததோ முழுச் சம்பளம். அதே ஷீட்டில் லீவுக்குப் பணம் தரும்போது மட்டும் பேசிக்கையும் டி.ஏ.வையும் 30-ஆல் வகுத்து 18 நாளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கொடுக்கும்போது சின்ன சம்பளம், பிடிக்கும்போது பெரிய சம்பளம். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல ஷீட்களில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது லேப்டாப். இவர் ஐ.டி. பிரிவில் ஒப்படைத்துவிட்டார், ஆனால் ரசீது வாங்கவில்லை. சீரியல் நம்பர், சார்ஜர், தேதி மூன்றும் எழுதி, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஷீட்டின் வரிசை. இவருடைய சம்பள பாக்கியும் லீவுப் பணமும் சேர்ந்தே 33,200தான். பிடித்தம் 56,000. மீதி 22,800 எங்கிருந்து போனது? கிராஜுவிட்டியிலிருந்து. அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. சேதம் விளைவித்ததற்காகவோ, வன்முறை போன்ற கடுமையான ஒழுங்கீனத்துக்காகவோ வேலையை விட்டு நீக்கினால்தான் கிராஜுவிட்டியில் கை வைக்க முடியும். ராஜினாமா செய்தவருடையதில் நோட்டீஸ் பாக்கியைக் கழிப்பது செல்லாது.

அதனால் ஷீட்டை இப்படிக் கேளுங்கள். முதலில் வர வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கோடு. அதற்குக் கீழே பிடித்தங்கள், எந்த விதிப்படி என்ற குறிப்போடு. அங்கே ஒரு கோடு போட்டு மீதி. கோட்டுக்குக் கீழே கிராஜுவிட்டி தனியாக, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசி பேசிக்கும் டி.ஏ.வும், வருடம், பெருக்கல் வரியோடு. இவருடைய கணக்கு அப்படி வந்திருந்தால் மேலே 7,200, கீழே 1,20,000, மொத்தம் 1,27,200. தனியாகக் காட்டினால் வரி விலக்குள்ள கிராஜுவிட்டியைச் சம்பளத்தோடு சேர்த்து டி.டி.எஸ். பிடிக்கும் தவறும் நடக்காது.

2025 நவம்பர் 21-க்குப் பிறகு விலகுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 15/26 மாறவில்லை. ஆனால் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகப்படியானது ஊதியத்தோடு சேரும். பேசிக்கைக் குறைத்து வைத்திருக்கும் நிறுவனங்களில் இதனால் தொகை கூடும்.

'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்ற வரியோடு ஷீட் வந்தால் வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். 'கிராஜுவிட்டி கணக்கையும் நோட்டீஸ் பிடித்தத்தையும் ஏற்கவில்லை, மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கைப்பட எழுதித் தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி கேட்டு எழுத்தில் விண்ணப்பமும் கொடுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ராஜினாமாவை ஏற்ற மெயில், இந்த ஷீட் ஆகியவற்றின் நகல் போதும். கம்பெனி மெயிலை மூடுவதற்கு முன்பே இவற்றைச் சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.