ஏஐ காணொளிக் கருவியுடன் ஓராண்டு: ஒரு காபிக் கடை விளம்பரம் காட்டியவை

நண்பரின் காபிக் கடைக்காக நாற்பது வினாடி விளம்பரம் ஒன்றை, கட்டணம் செலுத்தி ஓராண்டாக நான் பயன்படுத்தி வரும் ஏஐ காணொளிக் கருவியில் உருவாக்க முயன்றேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஷாட்டும் அழகாகவே இருந்தது; எட்டையும் வரிசையாக ஒட்டியபோதுதான் குறைகள் தெரிந்தன.

கடைக்காரப் பெண்மணியின் இடது கன்னத்து மச்சம் மூன்றாவது ஷாட்டில் வலப்பக்கம் போனது. புடவைக் கரையும் மாறியது. கருவி ஒவ்வொரு ஷாட்டையும் தற்செயலான புள்ளிகளின் இரைச்சலிலிருந்து புதிதாகச் செதுக்குகிறது. முந்தைய ஷாட்டில் யார் நின்றார் என்பது, நாம் கொடுத்தாலொழிய அதற்குத் தெரியாது. ‘ஐம்பது வயதுப் பெண், பச்சைப் புடவை’ என்ற பிராம்ப்டுக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணற்றவை. மாதிரிப் படம் கொடுத்தபின் முகம் பெருமளவு நிலைத்தது. ஆனால் நேர்முகப் படத்தில் இல்லாத பக்கவாட்டுத் தோற்றத்தைக் கருவி ஊகித்தே வரைகிறது. ஆகவே இப்போது மூன்று கோணங்களில் படம் கொடுக்கிறேன். ஒரு ஷாட்டின் கடைசி ஃபிரேமை அடுத்ததன் முதல் ஃபிரேமாக்கித் தொடர்ந்தும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நுண்விவரம் தேய்ந்து, நான்காவது ஷாட்டில் தோல் மெழுகுபோல் ஆகிவிட்டது.

பெயர்ப்பலகையில் ‘காபி’ என்பது ஒருபோதும் ஒழுங்காக வரவில்லை. இவ்வகைக் கருவிகள் பல, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. தொலைவில் இருபத்து நான்கு பிக்சல் உயரமுள்ள எழுத்துக்கு மூன்று கட்டங்களே கிடைக்கும். அதில் ‘பி’யின் மேல்வளைவு தங்க இடமில்லை. பலகையை அருகில் காட்டினாலும், எழுத்துகளை எழுத்துகளாக அன்றி வடிவங்களாகவே கருவி கற்றிருப்பதால், தமிழ்போல் தோன்றும் கோடுகளே பெரும்பாலும் வந்தன. எனவே பலகையை வெறுமையாக உருவாக்கி, எடிட்டிங்கில் எழுத்தை மேலே பொருத்தி, கேமரா நகர்வோடு சேர்ந்து நகரும்படி டிராக்கிங் செய்தேன்.

என்னை மிகவும் சோதித்தது காபி ஆற்றும் காட்சிதான். தம்ளரிலிருந்து டபராவுக்கு நீளமாகக் காபி இறங்குகிறது, நுரையும் எழுகிறது, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், நான்கு வினாடி ஊற்றியும் தம்ளரில் அளவு குறையவில்லை. டபராவில் ஏறவும் இல்லை. ஊற்றுவது எப்படித் தோன்றும் என்பதைக் கருவி கற்றிருக்கிறதே தவிர, இங்கே குறைந்தது அங்கே கூட வேண்டும் என்ற கணக்கு எதையும் அது தனியே வைத்துக்கொள்வதில்லை. கை ஒரு கணம் தம்ளரை மறைத்தால், மீண்டும் தெரியும்போது தம்ளரின் விளிம்பே வேறாகிறது. பதினேழு முறை உருவாக்கியும் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டு வினாடிக்குள் வெட்டினால் பிழை கண்ணுக்குத் தப்பும். ஆனால் ஆற்றும் அழகே அந்த நீளத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு ஷாட்டை மட்டும் காலை வெயிலில், நண்பரின் கடையிலேயே, கைபேசியில் எடுத்துச் சேர்த்தேன்.